தொண்டை வறட்சியும் சிமெண்ட் தூசும்: கட்டுமானத் தொழிலாளர்களுக்கு எந்த முகமூடி உண்மையில் பயன்படும்?

கட்டுமானத் தளங்களில் வேலை செய்வோரிடம் பரவலாகக் கேட்கப்படும் ஒரு குறை உண்டு. காலையில் எழும்போதே தொண்டை காய்ந்து கிடக்கும். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் சிறிது நேரத்தில் மீண்டும் வறண்டுவிடும். அடிக்கடி செருமிக்கொள்ள வேண்டியிருக்கும். மாலையில் குரல் கம்மிவிடும். வெயிலையும் வெளித் தண்ணீரையும் காரணமாகச் சொல்லி, பலர் இதை ஆண்டுக்கணக்கில் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகின்றனர். சிமெண்ட் மூட்டை பிரிப்பவர், கான்கிரீட்டை வெட்டுபவர், சுவரில் பட்டி தேய்ப்பவர், கிரானைட் அறுப்பவர் ஆகிய அனைவருக்கும் இந்தத் தொல்லை பொதுவானது. ஆனால் அவர்கள் அனைவரும் சுவாசிப்பது ஒரே தூசு அன்று.

முகமூடியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த வேறுபாடுதான் முதலில் தெரிந்திருக்க வேண்டியது. தொண்டையை வறட்டும் தூசு வேறு. நுரையீரலைக் கெடுக்கும் தூசு வேறு. முன்னதை ஒரு துண்டுகூட ஓரளவு தடுத்துவிடும். பின்னதைத் துண்டு தடுப்பதில்லை. அது உள்ளே போவதும் தெரிவதில்லை.

தொண்டை ஏன் வறள்கிறது?

வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிவிட்டால் நாக்கு வெந்துபோவதை நாம் அறிவோம். சிமெண்ட் தொண்டைக்குச் செய்வதும் ஏறத்தாழ அதுவே. சிமெண்டில் உள்ள கால்சியம் சேர்மங்கள் ஈரத்தைக் கண்டதும் அதனுடன் வினைபுரிகின்றன. அப்போது உருவாகும் பொருள்களுள் ஒன்று கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. ஈரச் சிமெண்டின் காரத்தன்மை பி.எச். அளவுகோலில் 12-க்கு மேல் செல்லும். தொண்டையின் உட்பரப்பில் மெல்லிய சளிப்படலம் ஒன்று உண்டு. அதில் படியும் சிமெண்ட் துகள் அங்குள்ள ஈரத்தை எடுத்துக்கொள்கிறது. கூடவே அந்தப் படலத்தையும் அரிக்கிறது. சில மணி நேரத்தில் ஆறிவிடக்கூடிய இந்த எரிச்சல், மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடரும்போது நாள்பட்ட அழற்சியாகிறது.

இதனுடன் மூச்சு விடும் முறையும் சேர்ந்துகொள்கிறது. பாரம் தூக்கும்போதும் இயந்திரத்தை அழுத்திப் பிடிக்கும்போதும் மூக்கால் மட்டும் மூச்சு விடுவது போதாது. வாய் தானாகத் திறந்துகொள்கிறது. மூக்கில் உள்ள முடியும் வளைவுகளும் பெரிய துகள்களைப் பிடித்து வைக்கும். வாயில் அத்தகைய வடிகட்டி இல்லை; தூசு நேராகத் தொண்டையின் பின்சுவரில் மோதுகிறது. தூசினால் மூக்கு அடைத்துக்கொண்டால் இரவிலும் வாயால்தான் மூச்சு விட நேரும். காலையில் வறட்சி கூடுதலாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேலைதான் காரணமா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. திருவிழாவுக்கு ஊருக்குச் சென்று ஒரு வாரம் தங்கும்போது தொண்டை தெளிந்து, தளத்துக்குத் திரும்பிய இரண்டு, மூன்று நாள்களில் மீண்டும் கட்டிக்கொண்டால் தூசின் மீதே பெரும்பாலும் ஐயம் கொள்ளலாம். விடுப்பிலும் மாற்றமே இல்லையெனில் நீரிழிவு, இரைப்பை அமிலம் மேலேறுதல், ஒவ்வாமை மாத்திரைகள் போன்ற வேறு காரணங்களையும் மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும். பீடியும் புகையிலையும் இரு நிலைகளிலும் வறட்சியைக் கூட்டும்.

வேலை முடிந்ததும் வெல்லமோ வாழைப்பழமோ சாப்பிட்டால் தூசு இறங்கிவிடும் என்ற நம்பிக்கை நாட்டின் பல பகுதிகளில் உண்டு. தொண்டையில் ஒட்டியிருப்பது உணவோடு வயிற்றுக்குப் போகும் என்பது வரை அது சரி. ஆனால் உணவு செல்லும் குழாயும் காற்று செல்லும் குழாயும் வெவ்வேறு. மூச்சுக்குழாயைத் தாண்டிவிட்ட தூசை எந்த உணவாலும் தொட முடியாது.

கண்ணுக்குத் தெரியாத தூசு

மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். வெயில் கீற்றில் மிதப்பதாக நாம் காணும் தூசு பெரும்பாலும் 10 மைக்ரானுக்கு மேற்பட்டது. அது மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். சில நிமிடங்களில் தரையிலும் படிந்துவிடும். ஏறத்தாழ 4 மைக்ரானுக்குக் குறைந்த துகள்களே நுரையீரலின் காற்றுப் பைகள் வரை செல்லக்கூடியவை. அசைவற்ற அறையில் ஒரு மைக்ரான் அளவுள்ள துகள் தலை உயரத்திலிருந்து தரைக்கு வர மணிக்கணக்கில் ஆகும். இயந்திரத்தை நிறுத்தி, புகைபோன்ற தூசு அடங்கியதும் முகமூடியைக் கழற்றிவிட்டு அதே அறையில் உணவுப் பொட்டலத்தைப் பிரிப்பவர், மிகவும் தீங்கான பகுதியை அப்போதுதான் தடையின்றிச் சுவாசிக்கிறார்.

இந்த நுண்தூசில் அஞ்ச வேண்டியது படிகச் சிலிகா, அதாவது குவார்ட்ஸ். மூட்டையிலுள்ள சிமெண்டில் அது மிகக் குறைவு. மணலிலும் ஜல்லியிலும் கிரானைட்டிலும் மணற்கல்லிலும்தான் அது நிறைந்துள்ளது. எனவே மூட்டை பிரிப்பவருக்குத் தொண்டை எரிச்சல் மிகுதி. இறுகிய கான்கிரீட்டை வெட்டுபவருக்கும் கல்லைத் தேய்ப்பவருக்கும் நுரையீரல் ஆபத்து மிகுதி. குவார்ட்ஸ் துகள் சிமெண்டைப் போல எரிவதில்லை. இருமலைக்கூட உடனே வரவழைப்பதில்லை. காற்றுப் பைகளில் தங்கி, அங்கே தழும்புகளை உருவாக்குகிறது. சிலிகோசிஸ் எனப்படும் இந்நோய் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் சென்றே வெளிப்படும். தூசு மிகக் கடுமையாக இருந்தால் சில ஆண்டுகளிலோ சில மாதங்களிலோகூட வந்துவிடும். வந்தபின் தழும்பை ஆற்றும் மருந்து இல்லை. காசநோய் தொற்றும் வாய்ப்பையும் அது பெருக்குகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் இத்தூசை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா பகுதிப் பழங்குடியினர் குஜராத்தின் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்கு வேலை தேடிச் சென்றனர். அவர்களில் பலர் குறுகிய காலமே வேலை செய்து, நோயுடன் ஊர் திரும்பி இறந்தனர். உயிரிழந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2016-இல் உச்ச நீதிமன்றம் குஜராத் அரசுக்கு உத்தரவிட்டது.

துண்டு முதல் ரப்பர் முகமூடி வரை

நனைத்த துண்டை மூக்கில் கட்டிக்கொள்பவர்கள், அதனால் தொண்டைக்கு இதமாக இருப்பதாகச் சொல்கின்றனர். அது பொய்யன்று. துணியின் இழைகள் பெரிய துகள்களைப் பிடிக்கின்றன. ஈரம் தொண்டைக்கு ஆறுதல் தருகிறது. நுண்துகளுக்கோ அந்த இழைகளின் இடைவெளி வாசல்போலத் திறந்திருக்கிறது. அதைவிட, கன்னத்துக்கும் துணிக்கும் இடையிலுள்ள சந்து வழியே காற்று வடிகட்டப்படாமலேயே நுழைகிறது. தொண்டை சுகமாக இருப்பதால் பாதுகாப்பாக இருப்பதாக எண்ணி, அதே துண்டுடன் கான்கிரீட் வெட்டுவதே பெரிய அபாயம்.

மருத்துவமனைகளில் அணியும் மூன்றடுக்கு முகக்கவசமும் இதற்காக உருவானதன்று. அணிபவரின் எச்சில் துளிகள் பிறர்மீது தெறிக்காமல் காப்பதே அதன் முதன்மைப் பணி. அதன் துணி ஓரளவு நல்ல வடிகட்டியாக இருந்தாலும், பக்கங்கள் திறந்தே இருப்பதால் பயனில்லை. கொரோனா காலத்தில் வீட்டில் மிஞ்சிய கவசங்களைத் தளத்துக்குக் கொண்டுவருவோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

நுண்தூசுக்கென வகுக்கப்பட்டவை வேறு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 9473 என்ற தரம், துகள் வடிகட்டும் முகமூடிகளை எஃப்.எஃப்.பி.1, எஃப்.எஃப்.பி.2, எஃப்.எஃப்.பி.3 என மூன்றாகப் பிரிக்கிறது. சோதனைத் துகள்களில் முறையே குறைந்தது 80, 94, 99 விழுக்காட்டை இவற்றின் வடிகட்டி தடுக்க வேண்டும். அமெரிக்கத் தரமான என்95, 95 விழுக்காட்டைத் தடுக்க வேண்டும். அது ஏறத்தாழ எஃப்.எஃப்.பி.2-க்கு இணை. கடையில் வாங்கும்போது முகமூடியின் மீதே தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் அச்சிடப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். உறையில் மட்டும் ‘என்95’ என எழுதி, முகமூடியில் ஒன்றும் இல்லாத மலிவுப் பொருளை நம்ப முடியாது.

95 விழுக்காடு என்பது வடிகட்டித் துணியின் திறன். முகத்தில் அணிந்த பின் கிடைக்கும் பாதுகாப்பு அன்று. விளிம்பில் எப்போதும் சிறிது காற்று கசியும். அதனால் பணியிடப் பாதுகாப்பு வல்லுநர்கள் வேறொரு கணக்கைப் பின்பற்றுகின்றனர். முறையாகப் பொருந்திய என்95 அல்லது எஃப்.எஃப்.பி.2 முகமூடி உள்ளே செல்லும் தூசைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் எனக் கொள்ளப்படுகிறது. பிரிட்டன் கணக்கில் எஃப்.எஃப்.பி.1 நான்கில் ஒரு பங்காகவும், எஃப்.எஃப்.பி.3 இருபதில் ஒரு பங்காகவும் குறைக்கும். துண்டுக்கு இத்தகைய எண் எதுவும் கிடையாது.

அன்றாடம் பல மணி நேரம் தூசில் நிற்பவருக்கு, பக்கவாட்டில் வடிகட்டிகளைப் பொருத்தும் ரப்பர் அல்லது சிலிகோன் அரைமுக முகமூடி காலப்போக்கில் சிக்கனமானது. முகத்தோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். கழுவி மீண்டும் அணியலாம். வடிகட்டியை மட்டும் மாற்றினால் போதும். அதற்குத் துகள் வடிகட்டி, அதாவது பி2, பி3 அல்லது பி100 எனக் குறிக்கப்பட்டதைக் கேட்டு வாங்க வேண்டும். பெயிண்ட் அடிப்பவர்கள் பயன்படுத்தும் கரி வடிகட்டி வாயுவுக்கானது. துகள் வடிகட்டியும் சேர்ந்திருந்தாலன்றி அது தூசைத் தடுக்காது.

அணிவதில் நேரும் பிழைகள்

நல்ல முகமூடியைத் தவறாக அணிந்தால் அது துண்டின் தரத்துக்கு இறங்கிவிடும். தலையின் பின்னால் இரண்டு பட்டைகள் செல்லும் வகை, காதில் மாட்டும் வகையைவிடப் பொதுவாக இறுக்கமாகப் பொருந்தும். மேல் பட்டை உச்சந்தலைக்குப் பின்புறமும் கீழ்ப்பட்டை காதுக்குக் கீழே கழுத்திலும் இருக்க வேண்டும். புழுக்கம் தாங்காமல் கீழ்ப்பட்டையை வெட்டிவிடுவது தளங்களில் நடப்பதுதான். அந்த நொடியே முகவாய்ப் பக்கம் திறந்துவிடும். மூக்கின் மேலுள்ள உலோகக் கம்பியை இரு கை விரல்களாலும் அழுத்தி மூக்கின் வடிவுக்கு வளைக்க வேண்டும்.

பிறகு இரு உள்ளங்கைகளாலும் முகமூடியை மூடி, வேகமாக மூச்சை வெளியே விட்டுப் பார்க்கலாம். கண்ணருகிலோ கன்னத்திலோ காற்று உணரப்பட்டால் அங்கே கசிவு உள்ளது. மூச்சுவிடும் வால்வு உள்ள வகையாக இருந்தால் மூச்சை உள்ளிழுத்துச் சோதிக்க வேண்டும். முகமூடி முகத்தை நோக்கிச் சற்று உட்குழிந்தால் சரி. வால்வு இருப்பதால் அணிபவரின் பாதுகாப்பு குறைவதில்லை. வெப்பமும் ஈரமும் வெளியேறுவதால், கோடைக்காலத்தில் நீண்ட நேரம் அணிந்திருக்க அது உதவுகிறது.

தாடி இருந்தால் இந்த வகை முகமூடிகள் முகத்தில் ஒட்டுவதில்லை. நான்கு நாள் வளர்ந்த குச்சி முடிகூட விளிம்பைத் தூக்கிவிடும். மீசை விளிம்புக்குள் அடங்கினால் தடையில்லை.

வேலை முடிந்து கழற்றும்போது கண்ணாடியில் முகத்தைப் பார்ப்பது மிகச் சிறந்த சோதனை. மூக்கின் இரு பக்கமும் அல்லது உதட்டைச் சுற்றியும் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் நாள் முழுவதும் கசிந்திருக்கிறது என்று பொருள். விளிம்பு பதிந்த தடம் தெளிவாக இருந்து, அதற்குள் தோல் சுத்தமாக இருந்தால் முகமூடி தன் வேலையைச் செய்திருக்கிறது.

என்95 வகையைத் துவைக்கக் கூடாது. அதன் இழைகளில் ஏற்றப்பட்டுள்ள நிலைமின்னூட்டமே நுண்துகளை ஈர்த்துப் பிடிக்கிறது. சோப்பும் சானிட்டைசரும் அந்த மின்னூட்டத்தை அழித்துவிடும். துவைத்த முகமூடி பார்க்கப் புதிதுபோல் இருக்கும். வடிகட்டும் திறன் போயிருக்கும். மூச்சு இழுக்கக் கடினமானாலோ, நனைந்தாலோ, பட்டை தளர்ந்தாலோ மாற்ற வேண்டும். தூசு மிகுந்த வேலையில் ஒரு நாள் வேலைக்கு ஒன்று என்பதே நடைமுறை. இடைவேளையில் அதைக் கழுத்தில் தொங்கவிட்டால் உட்புறம் தூசேறும். மூடிய டப்பாவிலோ காகித உறையிலோ வைக்கலாம்.

முகமூடி மட்டும் போதுமா? ஒரு கணக்கு

மின்குழாய் பதிக்கச் சுவரில் காடி வெட்டும் வேலையை எடுத்துக்கொள்வோம். தொழிலாளி கட்டிங் மெஷினால் இரண்டு இணைகோடுகள் போட்டு, நடுப்பகுதியை உளியால் தட்டி எடுக்கிறார். சக்கரத்தின் தடிமன் 2 மில்லிமீட்டர், வெட்டும் ஆழம் 25 மில்லிமீட்டர், காடியின் நீளம் 10 மீட்டர் எனில், இரு கோடுகளிலும் சேர்த்து ஒரு லிட்டர் அளவுச் சுவர் பொடியாகிறது. எடையில் அது கிட்டத்தட்ட 2 கிலோ.

அதில் ஒரே ஒரு கிராம் மட்டும் நுண்தூசாக, பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றின் காற்றில் கலந்து நிற்பதாகக் கொள்வோம். அறையின் கொள்ளளவு சுமார் 27 கன மீட்டர். அப்படியானால் ஒரு கன மீட்டர் காற்றில் 37 மில்லிகிராம் நுண்தூசு இருக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு குவார்ட்ஸ் என்றால் சுமார் 7.4 மில்லிகிராம். தொழிலாளி அந்தக் காற்றில் ஒரு மணி நேரம் மட்டும் இருந்தால், எட்டு மணி நேரச் சராசரி 0.9 மில்லிகிராம் அளவில் வரும். அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு நிர்வாகம் இதற்கு வைத்துள்ள எட்டு மணி நேர வரம்பு 0.05 மில்லிகிராம். ஒரு மணி நேர வேலை அந்த வரம்பைப் போல 18 மடங்கைத் தந்துவிடுகிறது.

சரியாகப் பொருந்திய என்95 அணிந்தால் இது பத்தில் ஒன்றாகி, வரம்பின் இரு மடங்கில் நிற்கும். எஃப்.எஃப்.பி.3 அணிந்தால் வரம்பின் விளிம்புக்கு வரும். எண்கள் அறைக்கு அறை மாறும். ஆனால் உலர்ந்த நிலையில், மூடிய அறையில் வெட்டும்வரை முகமூடி எப்போதும் பின்தங்கியே இருக்கும் என்பது இதிலிருந்து தெரிகிறது. பக்கத்தில் குப்பை அள்ளும் உதவியாளருக்கும் அடுத்த அறையில் குழாய் பொருத்துபவருக்கும் பெரும்பாலும் முகமூடியே இருப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாற்று வழி பழமையானது: தண்ணீர். வெட்டும் சக்கரத்தின் விளிம்பிலேயே நீர் தொடர்ந்து விழுந்தால் தூசில் பத்தில் ஒன்பது பங்கு வரை எழாமலேயே அடங்கிவிடும். பெரிய கை ரம்பங்களுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டராவது வேண்டும் என்பது பிரிட்டன் பாதுகாப்புத் துறையின் வழிகாட்டுதல். மேலே சொன்ன கணக்கில் இதையும் சேர்த்தால், என்95 அணிந்தவர் சுவாசிப்பது வரம்பின் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். வேலைக்கு முன் சுவரை மட்டும் நனைத்துவிட்டால் போதும் என்பது தவறு. சக்கரம் நனைந்த மேற்பரப்பைத் தாண்டி உலர்ந்த பகுதிக்குச் சென்றுவிடும். அதேபோல் நீர்க்குழாய் இணைப்பு இல்லாத சாதாரண மின்சார இயந்திரத்தில் தண்ணீர் ஊற்றுவது உயிருக்கே ஆபத்து. நீர் இணைப்புக்கென வடிவமைத்த கருவியும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சாதனமும் தேவை.

தண்ணீர் பயன்படுத்த முடியாத இடங்களில், எடுத்துக்காட்டாகப் பட்டி தேய்க்கும்போது, சக்கரத்தைச் சுற்றி உறை பொருத்தி, ஹெபா வடிகட்டி உள்ள உறிஞ்சும் இயந்திரத்துடன் இணைக்கலாம். வேலை முடிந்தபின் உலர்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்குவதும், காற்றழுத்தக் குழாயால் உடையை ஊதுவதும் படிந்த தூசை மீண்டும் மூக்கின் உயரத்துக்குக் கொண்டுவரும். நீர் தெளித்துப் பெருக்குவதே சரி. வேலை உடையை வீட்டில் உதறாமல், தனியாக நனைத்துத் துவைத்தால் குடும்பத்தினர் தப்புவர்.

எப்போது மருத்துவரிடம் செல்வது?

தூசு குறைந்தபின் தொண்டை வறட்சி பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். வேலைக்குப் பின் முகமும் வாயும் கழுவி, வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளிப்பதும், நாள் முழுவதும் சிறிது சிறிதாகத் தண்ணீர் குடிப்பதும் உதவும். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் குரல்வளையைப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளலாம். முன்பு எளிதாக ஏறிய மாடிப்படியில் இப்போது மூச்சு வாங்குவது, எடை குறைவது, சளியில் இரத்தம் ஆகியவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது.

மருத்துவரிடம் தொழிலைச் சொல்ல வேண்டும்: என்ன வேலை, எத்தனை ஆண்டு, வெட்டியது கல்லா கான்கிரீட்டா. எக்ஸ்-ரே படத்தில் சிலிகோசிஸ், காசநோய்போலவே தோற்றமளிக்கக்கூடும். தொழில் தெரியாத மருத்துவர் காசநோய்க்கு மட்டும் சிகிச்சை தந்து, நோயாளி மீண்டும் அதே தூசுக்குத் திரும்பிவிடுகிறார்.

நோய் தொழிலால் வந்தது எனப் பதிவாவது இழப்பீட்டுக்கும் அடிப்படை. ராஜஸ்தான் அரசு 2019-இல் சிலிகோசிஸ் நோயாளிகளுக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. அங்கே மருத்துவக் குழு சான்றளித்தவருக்கு 3 லட்சம் ரூபாயும், அவர் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் வழங்க அது வகை செய்தது. 18 முதல் 60 வயதுக்குட்பட்டு, முந்தைய 12 மாதங்களில் 90 நாள்களாவது கட்டுமான வேலை செய்தவர் தம் மாநிலக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். வேலை செய்த தளங்கள், ஆண்டுகள், ஒப்பந்ததாரர் பெயர் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது நல்லது; பத்து ஆண்டுகள் கழித்து நோய் வெளிப்படும்போது அவற்றை நினைவிலிருந்து எடுப்பது கடினம்.